கூலி நியாயத்தை எப்படிக் கேட்பது? நேர்க்கேள்வி, இரட்டைக் கதை, கதை அட்டை: ஓர் ஒப்பீடு

வாகரைப் பக்கம் ஒரு கச்சான் தோட்டம். வேலை முடிந்து, கை கால் கழுவாமலே வரப்பில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மாவிடம் வினாக்கொத்தின் ஏழாவது கூற்றை வாசித்தேன்: "ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும். உடன்படுகிறீர்களா?" அவர் யோசிக்கவே இல்லை. "ஓம் மகள், ஒரே கூலிதானே கொடுக்க வேண்டும்" என்றார். முற்றாக உடன்படுகிறார் என்று ஐந்தாம் கட்டத்தில் அடையாளமிட்டேன். தாள்களை மடித்துப் பையில் வைக்கும்போது, தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் காட்டி, "அந்தத் தம்பிக்கு எங்களைவிட ஐந்நூறு கூட. அது சரிதான் மகள், அவன் ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டுமே" என்றார். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் அவர்.

இரண்டுமே அவர் மனதிலிருந்து வந்த பதில்கள்தான். முதலாவது, உலகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பதில். இரண்டாவது, எதிரே நிற்கும் ஒருவனின் கூலியைப் பற்றிய தீர்ப்பு. என் வினாக்கொத்தில் முதலாவதற்கு மட்டுமே இடம் இருந்தது.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். வேலையிடத்து நியாயம் பற்றிய மனப்பாங்கை அளக்க, கற்பனையான ஒரு சூழலைச் சொல்லி "இது நியாயமா?" என்று கேட்கும் கதைவினாக்களைப் பயன்படுத்தலாமா, வழக்கமான உடன்பாட்டுக் கூற்றுகளே போதுமா என்று கேட்கிறார்கள். கதைவினாவிலும் வகைகள் உண்டு என்பதால் குழப்பம் கூடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நாட்கூலி வேலையில் ஆண் பெண் கூலி வேறுபாட்டை மக்கள் எந்த அளவுக்கு நியாயம் என்று ஏற்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கேள்வியே "நல்ல" பதிலைக் காட்டிக்கொடுக்கிறதா என்பது. வீட்டு வாசலில் பல்கலைக்கழகத்துப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கும்போது யாரும் அநியாயக்காரராகத் தெரிய விரும்புவதில்லை.

இரண்டாவது, தீர்ப்புக்குப் பின்னால் உள்ள காரணங்களைப் பிரித்துக் காட்டுமா என்பது. பெண்ணுக்குக் குறைவான கூலி நியாயம் என்று ஒருவர் சொன்னால், பெண் என்பதாலா, வேகம் குறைவு என்று நினைப்பதாலா, குடும்பத்தைத் தாங்குவது ஆண் என்று எண்ணுவதாலா?

மூன்றாவது, காதால் கேட்டே பதில் சொல்ல முடியுமா என்பது. இங்கே பெரும்பாலான நேர்காணல்கள் வாசித்துக் காட்டப்படுபவை. நான்காவது, எத்தனை பேர் தேவை என்பது. ஓர் இறுதியாண்டு மாணவியால் ஒரு பருவத்தில் நூற்றைம்பது, இருநூறு பேரைத்தான் சந்திக்க முடியும். அதனால் கீழே எல்லாக் கணக்கையும் 160 பேருக்கே போடுகிறேன்.

## வழி ஒன்று: நேர்க்கேள்வி

ஐந்து அல்லது ஆறு கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் முற்றாக உடன்படுகிறேன் முதல் முற்றாக மறுக்கிறேன் வரை ஐந்து படிகள். தயாரிக்க எளிது, பகுப்பாய்வும் எளிது. ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும்.

ஆனால் எங்கள் கேள்விக்கு இது முதல் அளவுகோலிலேயே தடுமாறுகிறது. ஒரே பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. "சம வேலைக்குச் சம சம்பளம்" என்ற சொற்றொடர் தொண்டு நிறுவனப் பயிற்சிகளிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்டதுதான். அதைக் கூற்றாக வாசித்தால், கற்ற பாடத்தை ஒப்புவிப்பது போலப் பதில் வருகிறது. பெரும்பாலானோர் ஐந்தாம் கட்டத்தில் குவிந்துவிட்டால் யார் யாரிடமிருந்து வேறுபடுகிறார் என்று எந்தப் பகுப்பாய்வாலும் சொல்ல முடியாது. முன்பரிசோதனையில் முதல் இருபது பேரில் பதினாறு பேர் ஒரே கட்டத்தில் நின்றால், அந்தக் கூற்றை வைத்து ஆய்வை மேலே கொண்டுபோகாதீர்கள்.

இதற்கு ஒரு மறைமுகச் செலவும் உண்டு. "ஒரே வேலை" என்றவுடன் கேட்பவர் எந்த வேலையை நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாது. களை பிடுங்குவதைப் பெண்கள் வேலை என்றும் மருந்தடிப்பதை, மூட்டை தூக்குவதை ஆண்கள் வேலை என்றும் ஊர் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. "ஒரே வேலைக்கு ஒரே கூலி" என்று ஒப்புக்கொள்பவர், ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்வதே இல்லை என்ற எண்ணத்தோடு ஒப்புக்கொள்ளலாம்.

நேர்க்கேள்வியே சிறந்த இடம் ஒன்று இருக்கிறது. ஒருவரின் சொந்தக் கூலியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று அறிய வேண்டுமானால் கதை தேவையில்லை. "உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கிறது? எவ்வளவு கிடைத்தால் நியாயம் என்பீர்கள்?" என்று இரண்டு தொகைகளைக் கேட்டால் போதும். சமூகவியலாளர் கியர்மினா ஜாஸ்ஸோ இந்த இரண்டின் விகிதத்துக்கு இயற்கை மடக்கை எடுத்து அநியாய உணர்வை அளந்தார். கிடைப்பது நியாயமானதற்குச் சமமானால் விடை 0. குறைந்தால் எதிர் எண், கூடினால் நேர் எண். 2,000 ரூபாய் கிடைத்து 2,500 நியாயம் என்று சொல்பவருக்கு அது ஏறத்தாழ –0.22.

## வழி இரண்டு: இரட்டைக் கதை

ஒரே கதையை இரண்டு விதமாக எழுதி, ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றி, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் சொல்வது இந்த வழி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். மற்றக் கதை ஒன்று இருப்பதே கேட்பவருக்குத் தெரியாததால், எந்தப் பதில் நல்லது என்று ஊகிக்க அவரிடம் ஒப்பீடு இல்லை.

இதன் வலிமையை டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1986இல் வெளியிட்ட கனேடியத் தொலைபேசி ஆய்வு காட்டியது. சிறிய நகல் எடுக்கும் கடை ஒன்றில் ஆறு மாதமாக வேலை செய்பவருக்கு மணிக்கு 9 டொலர் சம்பளம். பக்கத்துத் தொழிற்சாலை மூடப்பட்டு வேலையில்லாதோர் பெருகியதால், மற்றக் கடைகள் இதே வேலைக்கு 7 டொலருக்கு ஆள் எடுக்கின்றன. ஒரு கதையில் முதலாளி, இருக்கும் ஊழியரின் சம்பளத்தை 7 டொலராகக் குறைக்கிறார். மற்றக் கதையில் அந்த ஊழியர் தானாக விலக, முதலாளி புதியவரை 7 டொலருக்கு எடுக்கிறார். முதலாவதை 83 வீதமானோர் அநியாயம் என்றனர். இரண்டாவதை 27 வீதமானோர் மட்டுமே. கடைக்கு ஆகும் செலவு இரண்டிலும் ஒன்றுதான். ஒருவர் ஏற்கெனவே பெற்று வந்த கூலியில் கை வைப்பதுதான் மக்களுக்கு உறுத்துகிறது என்பதை இந்த ஒரு சோடிக் கதை வெளிச்சமாக்கிவிட்டது.

எங்கள் கேள்விக்கு இதை எழுதினால் இப்படி வரும்: "ஒரு கச்சான் தோட்டத்தில் ஒரு பெண் காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை கச்சான் பிடுங்குகிறார். தேநீரும் மத்தியானச் சாப்பாடும் தோட்டக்காரர் கொடுக்கிறார். நாட்கூலி 2,000 ரூபாய். இந்தக் கூலி அவருக்கு நியாயமா, நியாயமில்லையா?" அடுத்த பாதியினருக்கு "ஒரு பெண்" இருந்த இடத்தில் "ஓர் ஆண்". வேறு எதுவும் மாறாது. கச்சானைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: இருபாலாரும் ஒன்றாகச் செய்யும் வேலை அது.

தேநீரும் சாப்பாடும் கதையில் வேண்டியவைதான். எங்கள் பகுதியில் கூலி பேசும்போது "சாப்பாட்டோடா, சாப்பாடு இல்லாமலா" என்பது முதல் கேள்வி. அதைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர் தானாக நிரப்பிக்கொள்வார். ஒருவர் சாப்பாட்டோடு என்று நினைத்து 2,000 போதும் என்பார். இன்னொருவர் சாப்பாடு இல்லை என்று நினைத்துக் குறைவு என்பார். அந்த வேறுபாடு நியாயம் பற்றியதே அல்ல.

இந்த வழியின் உண்மையான விலை ஆட்தொகை. 160 பேரை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 80. அந்த அளவில் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 22 வீதப் புள்ளி வேறுபாடு உண்மையில் இருந்தால்தான் அதை நம்பிக்கையோடு பிடிக்க முடியும். கானமன் குழுவின் 56 புள்ளி இடைவெளி அவ்வளவு பெரியது என்பதால் சிறிய குழுக்களிலும் தெரிந்தது. பத்துப் புள்ளி வேறுபாட்டைப் பிடிக்கப் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 400 பேர் வேண்டும். அதோடு, பதில் ஒரு காரணத்தைத்தான் தொடும். பெண் என்பதாலா, வேகம் குறைவு என்று கேட்பவர் நினைத்துக்கொண்டதாலா என்பது இங்கே கலந்தே கிடக்கும்.

ஒரே ஒரு கூர்மையான கேள்வி, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள், நீண்ட வேறொரு வினாக்கொத்தின் நடுவே ஒரே ஒரு கேள்விக்கு இடம்: இந்த நிலைகளில் இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி மூன்று: கதை அட்டைகள்

ஒரு கதையின் பல விவரங்களை ஒரே நேரத்தில் மாற்றி, ஒவ்வொருவருக்கும் சில கதைகளைத் தருவது இந்த முறை. அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் ரொஸி வளர்த்தெடுத்தது. மனிதர் ஒரு கூலியை நியாயம் என்று சொல்லும்போது பல விவரங்களைச் சேர்த்து எடைபோடுகிறார். எந்த விவரத்துக்கு எவ்வளவு எடை என்பதை அவராலேயே சொல்ல முடியாது. ஆனால் விவரங்களைத் திட்டமிட்டு மாற்றிக் கொடுத்தால் தீர்ப்புகளிலிருந்து அந்த எடைகளைப் பிரித்தெடுக்கலாம் என்பது இதன் அடிப்படை.

மாணவர்கள் முதலில் கொண்டுவரும் திட்டம் பெரும்பாலும் பெருத்துப்போயிருக்கும். பால், வயது, மதம், கல்வி, அனுபவம், பிள்ளைகள், வேகம், முதலாளிக்கு உறவா இல்லையா, கூலி என்று ஒன்பது விவரங்கள். பெருக்கிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான கதைகள். ஒரு கதையைக் காதால் கேட்டு, ஒன்பது விவரங்களையும் நினைவில் வைத்து எந்த மனிதராலும் எடைபோட முடியாது. கடைசியாகக் கேட்ட ஒன்றிரண்டை வைத்தே தீர்ப்புச் சொல்வார். நான் நான்கோடு நிறுத்தச் சொல்வேன்.

பால்: பெண், ஆண். பிள்ளைகள்: இல்லை, மூன்று சிறு பிள்ளைகள். வேகம்: மற்றவர்கள் அளவுக்குப் பிடுங்குவார், மற்றவர்களைவிட அதிகம் பிடுங்குவார். நாட்கூலி: 1,500, 2,000, 2,500, 3,000 ரூபாய். மொத்தம் 2 × 2 × 2 × 4 = 32 கதைகள். இவற்றை நான்கு அட்டைகள் கொண்ட எட்டுக் கட்டுகளாகப் பிரித்தால், 160 பேரில் ஒவ்வொரு கட்டையும் 20 பேர் தீர்ப்பார்கள். மொத்தம் 640 தீர்ப்புகள்.

கட்டுகளைப் பிரிக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். 32 அட்டைகளையும் சீட்டு மாதிரிக் கலைத்து நாலு நாலாக எடுத்தால், ஒரு கட்டில் பெண்கள் மூவரும் குறைந்த கூலியோடும் இன்னொரு கட்டில் ஆண்களே அதிகமாகவும் வந்துவிடலாம். அதைவிட இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டிலும் நான்கு கூலியும் ஒவ்வொரு முறை வர வேண்டும். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். பாதிக் கட்டுகளில் 1,500உம் 3,000உம் பெண்களுக்கு, நடுவிலுள்ள 2,000உம் 2,500உம் ஆண்களுக்கு. மீதிப் பாதியில் அப்படியே மாற்றி. இப்படி வைத்தால் எந்தக் கட்டிலும் பெண்களின் சராசரிக் கூலியும் ஆண்களின் சராசரிக் கூலியும் 2,250 ரூபாயே. "இந்த ஆய்வு பெண்களுக்குக் குறைவாகக் கொடுப்பதைப் பற்றியது" என்று பதிலளிப்பவர் மோப்பம் பிடிக்க அட்டைகளில் எதுவும் இருக்காது. பிள்ளைகளையும் வேகத்தையும் இதேபோல் ஒவ்வொரு கட்டிலும் இரண்டுக்கு இரண்டாக வையுங்கள். கட்டுக்குள் அட்டைகளின் வரிசையை மட்டும் ஒவ்வொருவருக்கும் கலைக்கலாம்.

தீர்ப்பை எப்படி வாங்குவது? மேற்கு நாட்டு ஆய்வுகளில் –5 முதல் +5 வரை பதினொரு படிகள் சாதாரணம். எங்கள் களத்தில் அது வேண்டாம். இரண்டு அடியாகக் கேளுங்கள்: "இந்தக் கூலி நியாயமா, குறைவா, கூடவா?" குறைவு அல்லது கூட என்றால், "கொஞ்சமா, மிகவுமா?" இதுவே –2 முதல் +2 வரை ஐந்து படிகளாகிவிடும், கேட்பவர் தன் வழக்கமான பேச்சிலிருந்து விலகவும் வேண்டியதில்லை.

பகுப்பாய்வு ஒரு பிற்செலவுச் சமன்பாடு. ஒரே ஆள் நான்கு தீர்ப்புகள் சொல்வதால், ஆளுக்கு ஆள் உள்ள பொதுவான போக்கைத் தனியே பிரிக்க வேண்டும். R மென்பொருளில் lme4 பொதியை ஏற்றிக்கொண்டு இப்படி எழுதலாம்:

```
lmer(theerppu ~ log(kooli) + pen + pillai + vegam + (1 | aal), data = d)
```

விளக்கத்துக்காக எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை கள முடிவுகள் அல்ல. கூலியின் மடக்கைக்குக் குணகம் 2.0, பெண் என்பதற்குக் குணகம் 0.2 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பெண் குணகம் நேர் எண்ணாக இருப்பதன் பொருள், அதே கூலி ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும்போது "கூட" என்ற பக்கம் தீர்ப்புச் சாய்கிறது என்பது. நியாயக் கூலி விகிதத்தை `exp(-0.2 / 2.0)` என்று கணக்கிட்டால் 0.905. அதாவது ஆணுக்கு 2,500 ரூபாய் நியாயம் என்றால், அதே வேகமும் அதே பிள்ளைகளும் உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 2,260 ரூபாய் நியாயம் என்று இவர்கள் தீர்க்கிறார்கள். "உடன்படுகிறேன்" என்ற கட்டம் ஒருபோதும் தராத ஒன்று இது: மனப்பாங்கு ரூபாயில் தெரிகிறது.

ஜெர்மனியில் கத்ரின் ஔஸ்புர்க், தோமஸ் ஹின்ஸ், கார்ஸ்டன் சௌவர் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதே வழியில் கணித்த விகிதம் 0.92. பெண்களுக்கு எட்டு வீதம் குறைவான ஊதியத்தை நியாயம் என்று தீர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். வாகரை வரப்பில் நான் கேட்டது ஒரு தனிப்பட்ட அம்மாவின் முரண்பாடு அல்ல என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

640 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. தீர்ப்புகளின் சிதறல் ஒரு படியளவு என்று கொண்டால், மேலே சொன்ன 0.2 என்பது 0.04இலிருந்து 0.36 வரை எங்கும் இருக்கலாம். நியாயக் கூலி விகிதம் அப்போது 0.98இலிருந்து 0.84 வரை விரியும். "பெண்ணுக்குக் குறைவே நியாயம் என்ற சாய்வு இருக்கிறது" என்று எழுதலாம். "சரியாகப் பத்து வீதம்" என்று எழுத முடியாது. ஆண் பதிலளிப்பவர்களையும் பெண் பதிலளிப்பவர்களையும் ஒப்பிட்டால் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே பக்கத்துக்கு 80 பேர்தான். இரு சாராரின் பெண் குணகங்களுக்கிடையே 0.4 அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் பிடிபடும். ஆய்வின் மையக் கேள்வியே இந்த ஒப்பீடு என்றால் 160 பேர் போதாது.

## தமிழில் எழுதும்போது வரும் சிக்கல்

மொழிபெயர்த்த மாதிரிக் கதைகளைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்காமல் விடுவது தமிழின் வினைமுற்று. ஒரு கதையில் "தொழிலாளி ஒருவர் கச்சான் பிடுங்குகிறார்" என்று எழுதினால், மரியாதைப் பன்மையில் பால் மறைந்துவிடுகிறது. கேட்பவர் ஆணையே நினைப்பார். "பிடுங்குகிறாள்" என்றால் பால் தெரியும், ஆனால் மரியாதை போய்விடும். மரியாதையில்லாமல் பேசப்பட்டவருக்குக் குறைந்த கூலி பொருத்தம் என்ற உணர்வை நாமே ஊட்டிவிடுவோம். அதனால் எல்லா அட்டைகளிலும் "-ஆர்" விகுதியே இருக்கட்டும். பாலைப் பெயர்ச்சொல்லால் சொல்லுங்கள். கதை முழுவதிலும் இரண்டு தடவையாவது சொல்லுங்கள்: "ஒரு பெண்", பிறகு "இந்தப் பெண்ணுக்கு". அம்பாறையில் சிங்களத்திலும் கேட்பதானால் இதை மறுபடி சரிபாருங்கள். பேச்சுச் சிங்களத்தின் வினையும் பாலைக் காட்டுவதில்லை. அங்கேயும் பெயர்ச்சொல்லால் சொல்லாவிட்டால் பால் காதில் விழாமலே போகலாம்.

அடுத்தது பெயர். ஆங்கிலக் கதைகளில் ஒரு பெயரை வைத்துப் பாலைச் சொல்லிவிடுகிறார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரத்தில் ஒரு பெயரைச் சொன்னால் பாலோடு மதமும் இனமும், சில வேளை ஊரும்கூட வந்துவிடும். யோகேஸ்வரி என்றோ ஸித்தி என்றோ போட்டுவிட்டு, பாலை மட்டும் அளந்ததாக எழுத முடியாது. மதத்தை அளப்பது உங்கள் நோக்கமில்லை என்றால் பெயரே வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். "இது எந்தப் போடியாருடைய தோட்டம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அதன் பிறகு அவர் அட்டையைத் தீர்க்கவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு மனிதரைத் தீர்க்கிறார்.

## களத்தில் கெட்டுப்போவதும் கண்டுபிடிப்பதும்

ஒரு கள உதவியாளர் கதையை வாசிக்கும்போது, மூன்று சிறு பிள்ளைகள் என்ற இடம் வந்ததும் "பாவம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். தாளில் இல்லாத சொல். நல்ல மனதோடுதான் சேர்த்தார். பெண் அட்டைகளில் மட்டும். அவர் வாங்கிய பதில்களில் பிள்ளைகளின் எடை மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக வந்தபோதுதான் விசாரித்தோம். அதன் பிறகு கதைகளை ஒரே குரலில் பதிவு செய்து கைபேசியில் போட்டுக் காட்டும் முறைக்கு மாறினோம். அட்டையில் விவரத்துக்கு ஒரு படம் வையுங்கள்: ஆள், பிள்ளைகள், கச்சான் குவியல், ரூபாய்த் தாள்கள். காதில் கேட்டதைக் கண் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முன்பரிசோதனையில் பத்துப் பேரிடம், தீர்ப்பு வாங்கிய பின் "இந்தக் கதையை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் எந்த விவரத்தை விட்டுவிடுகிறார்களோ அதை எளிமையாக்குங்கள் அல்லது நீக்குங்கள். தரவு வந்த பின் இரண்டு இடங்களைப் பாருங்கள். நான்கு அட்டைக்கும் ஒரே தீர்ப்புச் சொன்னவர்கள் எத்தனை பேர்? 3,000 ரூபாயை "மிகவும் குறைவு" என்றும் 1,500 ரூபாயை "கூட" என்றும் சொன்னவர்கள் எத்தனை பேர்? இவை ஒரு கள உதவியாளரிடமோ ஒரு கிராமத்திலோ குவிந்திருந்தால், அங்கே கதை காதில் ஏறவில்லை.

கூலிப் படிகளை நேர்காணல் தொடங்கும் வாரத்தில் விசாரித்து அமையுங்கள். பெரும்போக அறுவடையின்போது ஆள் தட்டுப்பாட்டில் நடக்கும் கூலியும் வேலையில்லாத மாதத்துக் கூலியும் ஒன்றல்ல. ஊரில் நடக்கும் கூலிக்கு இரு பக்கமும் படிகள் இருக்க வேண்டும். எல்லாப் படிகளும் நடப்புக் கூலிக்குக் கீழே விழுந்தால் எல்லாத் தீர்ப்பும் "குறைவு" என்றே வரும். பால் வேறுபாடு அதற்குள் புதைந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேர்க்கேள்வி | இரட்டைக் கதை | கதை அட்டைகள் |
|---|---|---|---|
| "நல்ல" பதிலைக் காட்டிக்கொடுக்குமா | பெரும்பாலும் ஆம் | மிகக் குறைவு | குறைவு, கட்டுகளைச் சமன் செய்தால் |
| காரணங்களைப் பிரிக்குமா | இல்லை | ஒன்றை மட்டும் | ஆம், விவரத்துக்கு ஓர் எடை |
| பதிலளிப்பவருக்குச் சுமை | 3 நிமிடம் | 2 நிமிடம் | 10 நிமிடமாவது |
| 160 பேரில் | சாய்வைக் காட்டாது | 22 புள்ளிக்கு மேல் மட்டுமே | மிதமான சாய்வும் தெரியும் |
| மறைமுகச் செலவு | பதில்கள் ஒரே கட்டத்தில் குவிதல் | ஆட்தொகை | அட்டை, ஒலிப்பதிவு, பயிற்சி, பகுப்பாய்வு |
| மிகப் பொருந்தும் இடம் | சொந்தக் கூலி, பழைய ஆய்வோடு ஒப்பீடு | ஒரே கூர்மையான கேள்வி | நியாயத்தின் காரணங்கள் |

இரண்டு பேரின் விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "யாருக்குக் கூடக் கொடுப்பீர்கள்?" என்று தெரிவு செய்யச் சொல்லும் நான்காவது வழியும் உண்டு. யாரை வேலைக்கு எடுப்பது, யாரை நிறுத்துவது போன்ற முடிவுகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். கூலி எவ்வளவு நியாயம் என்று கேட்கும் எங்கள் கேள்விக்குப் பொருந்தாது. ஆணும் பெண்ணும் ஒரே தாளில் எதிரெதிரே நிற்கும்போது எது சோதிக்கப்படுகிறது என்பது உடனே புலப்பட்டுவிடும்.

## நான் எதைத் தேர்வேன்

160 பேரோடு ஆண் பெண் கூலி நியாயத்தை ஆராய்பவருக்கு நான்கு விவர, நான்கு அட்டைத் திட்டத்தையே சொல்வேன். பதிலளிப்பவர்களில் பாதிக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றால், அல்லது கள உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு நாள்கூட இல்லை என்றால், இரட்டைக் கதைக்கு இறங்கிவிடுவேன். சிறிய முடிவைத் தெளிவாகச் சொல்வது, பெரிய முடிவைக் கலங்கலாகச் சொல்வதைவிட நல்லது.

எந்த வழியை எடுத்தாலும் ஓர் எல்லையை அறிக்கையில் எழுத வேண்டும். அட்டையில் ஒரு பெண்ணுக்கு 2,500 ரூபாய் நியாயம் என்று தீர்த்த தோட்டக்காரர், மறுநாள் காலையில் தன் தோட்டத்துக்கு வரும் பெண்ணுக்கு அதைக் கொடுப்பார் என்பதற்கு இந்த ஆய்வு சாட்சி அல்ல. கதைவினா தீர்ப்பை அளக்கிறது. கொடுக்கும் கையை அளக்கவில்லை. கொடுப்பதை அறிய, கடந்த வாரம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று தனியே கேட்டுப் பதிய வேண்டும்.

நேர்க்கேள்வியை முழுதாகக் கைவிடவும் வேண்டாம். "ஒரே வேலைக்கு ஒரே கூலி" என்ற அந்த ஒரு கூற்றை மட்டும் நேர்காணலின் கடைசியில், அட்டைகள் எல்லாம் முடிந்து கட்டி வைத்த பிறகு கேளுங்கள். முதலில் கேட்டால் அதன் நிழல் அட்டைகளின் மேல் விழும். தான் சொன்ன கொள்கையோடு ஒத்துப்போகும்படி ஒருவர் தீர்ப்புகளைத் திருத்திக்கொள்வார். கடைசியில் கேட்டால் இரண்டையும் ஒரே மனிதரிடமிருந்து பெறலாம்: கொள்கைக்கு அவர் கொடுத்த ஐந்தும், அதே மனிதர் பெண் அட்டைகளுக்குக் கொடுத்த தீர்ப்புகளும். இரண்டுக்கும் இடையே இடைவெளி தெரியும்போது அவரிடம் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். "ஏன் அப்படிச் சொன்னீர்கள் அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எண்களை விளக்க வரும்போது அந்தப் பின்பக்கம்தான் முதலில் தேவைப்படும்.